ரயிலின் கடைசிப் பெட்டியில் கண் வையுங்கள்

"ஆர்.ஆர்.பி. என்.டி.பி.சி. தேர்வுக்குப் படிக்கிறேன். ரயில் கணக்குச் சூத்திரமெல்லாம் மனப்பாடம். ஆனா கேள்வியைப் பார்த்ததும் வேகத்தைக் கூட்டணுமா கழிக்கணுமா, எந்த நீளத்தை எடுக்கணும்னு குழம்பிடுது. ஆள், வேலை, நாள் கணக்கிலும் இதே கதைதான். ரெண்டுக்கும் பொதுவா ஒரு வழி இருக்கா?"

இருக்கிறது. ஆனால் அது இன்னொரு சூத்திரம் இல்லை. பதினான்கு வருஷமாக ரயில்வே தேர்வுக்கும் டி.என்.பி.எஸ்.சி.க்கும் வருகிறவர்களுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். ரயில் கணக்கில் தவறுகிற பிள்ளைகளில் பெருக்கல், வகுத்தல் தெரியாதவர்கள் குறைவு. மின்கம்பத்துக்கு ஒன்று, நடைமேடைக்கு ஒன்று, எதிர்த் திசைக்கு ஒன்று, ஒரே திசைக்கு ஒன்று, ஜன்னலோரப் பயணிக்கு ஒன்று என்று ஐந்தாறு சூத்திரத்தை மண்டையில் அடுக்கி வைத்திருப்பார்கள். முதல் கட்டத் தேர்வில் 90 நிமிடத்தில் 100 கேள்வி, அதாவது ஒன்றுக்கு 54 விநாடி. இந்த நெருக்கடியில் கை தவறான அடுக்கில் போய் விழுகிறது. அவ்வளவுதான் நடக்கிறது.

அந்த ஐந்தாறையும் ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு காட்சியை மட்டும் நினையுங்கள். நம் ரயில்களின் கடைசிப் பெட்டிக்குப் பின்னால் மஞ்சள் நிறத்தில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டிருப்பார்கள். அதைப் பார்த்த பிறகுதான் ரயில் பெட்டி எதையும் வழியில் விட்டுவிடாமல் முழுதாகப் போய்விட்டது என்று நிலைய ஊழியர் உறுதி செய்வார். பரீட்சைக்காரரும் 'கடந்தது' என்று சொல்வது அந்தக் குறி தாண்டுவதைத்தான். ஆகவே எந்த ரயில் கணக்கு வந்தாலும் ஒரே கேள்வி: எஞ்சின் முகம் எதிரே உள்ள பொருளைத் தொட்ட நொடியில் அந்த மஞ்சள் குறி எங்கே இருந்தது? அங்கிருந்து அது எவ்வளவு தூரம் போனால் பொருளைத் தாண்டும்? அந்தத் தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம்.

150 மீட்டர் நீள ரயில் மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 72 என்றால் விநாடிக்கு 20 மீட்டர். இதற்கு 5/18 என்று பெருக்கிக்கொண்டிருக்க வேண்டாம், 18க்கு 5 என்று ஒன்றை நினைவில் வைத்தால் போதும். 36க்கு 10, 54க்கு 15, 72க்கு 20, 90க்கு 25 என்று வாய்ப்பாடு போல வந்துவிடும். எஞ்சின் மின்கம்பத்தைத் தொடும்போது மஞ்சள் குறி கம்பத்துக்கு 150 மீட்டர் பின்னால் இருக்கிறது. 150ஐ 20ஆல் வகுத்தால் ஏழரை விநாடி. இப்போது கம்பத்துக்குப் பதில் 250 மீட்டர் நடைமேடை. எஞ்சின் நடைமேடையின் இந்த முனையைத் தொடும்போது குறி 150 மீட்டர் பின்னால். அது அந்த முனையைத் தாண்ட வேண்டும். 400 மீட்டர், 20 விநாடி. 'நடைமேடை வந்தால் நீளத்தைக் கூட்டு' என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, பார்த்தாலே தெரிகிறது. மனப்பாடக்காரர்களைக் கவிழ்க்கிற ஒரு கேள்வி உண்டு: ரயில் 'முழுவதுமாக நடைமேடைக்குள் இருந்த நேரம்' எவ்வளவு? மஞ்சள் குறி நடைமேடைக்குள் நுழைந்த நொடியில் எஞ்சின் ஏற்கெனவே 150 மீட்டர் உள்ளே போய்விட்டது. அது வெளியே தலை நீட்ட இன்னும் 100 மீட்டர்தான் பாக்கி. ஐந்து விநாடி. இங்கே நீளத்தைக் கழிக்கிறோம். சூத்திரம் வேறு, காட்சி ஒன்றேதான்.

இனி உங்களுக்குக் குழப்பம் வருகிற இடம், இரண்டு ரயில். தாம்பரம் பக்கம் மின்சார ரயிலில் போயிருந்தால் இதை உடம்பாலேயே உணர்ந்திருப்பீர்கள். பக்கத்துத் தண்டவாளத்தில் எக்ஸ்பிரஸ் ஒன்று அதே திசையில் நம்மை முந்தும்போது ஒவ்வொரு ஜன்னலாக நிதானமாக நகர்ந்து போகும், உள்ளே இருப்பவர் முகம்கூடத் தெரியும். அதே எக்ஸ்பிரஸ் எதிரே வந்தால் 'விருட்'டென்று ஒரு காற்று, முடிந்தது. எக்ஸ்பிரஸின் வேகம் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம். மாறியது, நாம் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்க்கிற வேகம். சார்பு வேகம் என்று புத்தகம் சொல்வது இதைத்தான். செய்ய வேண்டியது, ஒரு ரயிலை மனதுக்குள் நிறுத்திவிடுவது. நிறுத்தின ரயிலின் வேகத்தை மற்றதன் கணக்கில் ஏற்றிவிட வேண்டும். எதிரெதிர் என்றால் கூடும், ஒரே திசை என்றால் குறையும். நிறுத்திவிட்டோம் என்றால் அந்த ரயிலுக்கும் நடைமேடைக்கும் வித்தியாசம் இல்லை, மேலே போட்ட கணக்கேதான்.

போட்டுப் பார்ப்போம். 180 மீட்டர் எக்ஸ்பிரஸ், விநாடிக்கு 20 மீட்டர். 120 மீட்டர் பாசஞ்சர், விநாடிக்கு 10 மீட்டர். எதிரெதிரே வந்தால் பாசஞ்சரை நிறுத்துங்கள். எக்ஸ்பிரஸ் 30 மீட்டர் வேகத்தில் வந்து 120 மீட்டர் 'நடைமேடை'யைக் கடக்கிறது. 300ஐ 30ஆல் வகுத்தால் 10 விநாடி. ஒரே திசையில் முந்தினால் வேகம் 10, நேரம் 30 விநாடி. இப்போது பாசஞ்சரில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவரை, எதிரே வரும் எக்ஸ்பிரஸ் கடக்க எவ்வளவு நேரம்? அவர் ஒரு கம்பம் மாதிரிதான், அவர் உட்கார்ந்திருக்கிற ரயிலின் நீளத்துக்கு இங்கே வேலையே இல்லை. எக்ஸ்பிரஸின் மஞ்சள் குறி 180 மீட்டர் போக வேண்டும், வேகம் 30, ஆறு விநாடி. எக்ஸ்பிரஸில் இருப்பவர் பாசஞ்சரைப் பார்த்தால் 120 மீட்டர், நான்கு விநாடி. ஆறும் நான்கும் சேர்ந்தால் அந்தப் பத்து விநாடி வந்துவிடுகிறது பாருங்கள். இது தற்செயல் இல்லை, எப்போதும் இப்படித்தான் வரும். விடையைச் சரிபார்க்க நல்ல வழி.

பயணி கேள்வியில் பாதிப் பேர் தவறுவது, பயணி இருக்கிற ரயிலின் நீளத்தைப் போடுவதால்தான். கேள்வியில் இரண்டு நீளமும் கொடுத்திருப்பார்கள், விடைப் பட்டியலில் தவறான நீளத்துக்கு வருகிற எண்ணும் காத்திருக்கும். 'யாருடைய மஞ்சள் குறி?' என்று ஒரு முறை கேட்டுக்கொண்டால் போதும்.

கொஞ்சம் முறுக்கான ஒன்று. தண்டவாளத்தை ஒட்டி ஒருவர் மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் நடக்கிறார், இன்னொருவர் 6 கிலோமீட்டர் வேகத்தில் மெல்ல ஓடுகிறார். பின்னாலிருந்து அதே திசையில் வரும் ரயில் முதல் ஆளை 14 விநாடியிலும் இரண்டாம் ஆளை 15 விநாடியிலும் கடக்கிறது. ரயிலின் வேகம் என்ன, நீளம் என்ன? பலர் உடனே இரண்டு சமன்பாடு எழுதி, எல்லாவற்றையும் மீட்டருக்கு மாற்றி, பின்னத்தில் மாட்டிக்கொள்வார்கள். நின்று யோசியுங்கள். இரண்டு பேரையும் கடக்கும்போது மஞ்சள் குறி போன தூரம் ஒன்றே, அது ரயிலின் நீளம். தூரம் ஒன்றானால் நேரம் 14க்கு 15 என்றால் வேகம் 15க்கு 14. இரண்டு சார்பு வேகங்களுக்கும் இடையே ஒரு பங்கு வித்தியாசம். அந்த வித்தியாசம் எதனால் வந்தது? இரண்டாம் ஆள் 3 கிலோமீட்டர் கூடுதல் வேகத்தில் போனதால். ஆக ஒரு பங்கு 3 கிலோமீட்டர். சார்பு வேகங்கள் 45, 42. முதல் ஆளின் 3ஐத் திரும்பச் சேர்த்தால் ரயிலின் வேகம் 48. நீளத்துக்கு மட்டும் இப்போது மாற்றுங்கள்: 45 என்பது விநாடிக்கு பன்னிரண்டரை மீட்டர், 14 விநாடிக்கு 175 மீட்டர். கடைசிவரை மீட்டருக்கு மாற்றாமல் இருந்ததுதான் இங்கே நேரத்தை மிச்சப்படுத்தியது. நீளம் காணும்போது 48ஐப் போட்டுவிடாதீர்கள், அந்த 14 விநாடி 45க்கு உரியது. இந்த வகைக் கேள்வியில் வேகத்தைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டு நீளத்தில் கோட்டை விடுகிறவர்கள் நிறைய.

ஒரு பக்கக் குறிப்பு. நம்மூரில் இப்போது ஓடுகிற எல்.எச்.பி. பெட்டி ஒன்று ஏறத்தாழ 24 மீட்டர். 22 பெட்டி வண்டி எஞ்சினோடு அரைக் கிலோமீட்டரைத் தாண்டும். பரீட்சை ரயில்கள் அதைவிடக் குட்டை, பெரும்பாலும் 100 முதல் 400 மீட்டருக்குள் இருக்கும். ஆகவே ரயிலின் நீளம் 14 மீட்டர் என்றோ 2 கிலோமீட்டர் என்றோ வந்தால், கிலோமீட்டரை மீட்டராக்கும் இடத்தில் தவறியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

சரி, வேலைக்கு வருவோம். நீங்கள் இரண்டுக்கும் பொதுவாகக் கேட்டதால் சொல்கிறேன், வேலைக் கணக்கும் ரயில் கணக்குதான். இரண்டு ரயிலுக்கு நடுவே இருக்கிற இடைவெளிதான் செய்து முடிக்க வேண்டிய வேலை. எதிரெதிரே வரும் இரண்டு ரயில்கள் அந்த இடைவெளியை இரண்டு பக்கமிருந்தும் தின்கின்றன, இரண்டு கொத்தனார் ஒரு சுவரைச் சேர்ந்து கட்டுவது போல. தொட்டியில் தண்ணீர் விடும் குழாயும் வெளியேற்றும் குழாயும் ஒரே திசை ரயில்கள் மாதிரி, ஒன்று செய்வதை இன்னொன்று குறைக்கிறது. நாட்களைக் கூட்டக் கூடாது, வேகங்களைத்தான் கூட்ட வேண்டும் என்பது இந்தக் கண்ணோட்டத்தில் தானாக விளங்கிவிடும். ஒரு ரயில் 12 மணி நேரத்திலும் இன்னொன்று 18 மணி நேரத்திலும் போகிற தூரத்துக்கு நீங்கள் 30 மணி நேரம் என்று சொல்ல மாட்டீர்கள் இல்லையா?

ரயிலில் தூரம் மீட்டரில் கொடுத்துவிடுகிறார்கள். வேலையில் எவ்வளவு வேலை என்று சொல்வதில்லை. அதனால் நாமே வைத்துக்கொள்ளலாம். குமார் ஒரு வேலையை 12 நாளிலும் செல்வம் அதையே 18 நாளிலும் முடிப்பார்கள் என்றால், இரண்டாலும் மீதியின்றி வகுபடுகிற சின்ன எண், அதாவது மீ.சி.ம., 36. வேலை என்பது 36 செங்கல் அடுக்குவது என்று வைத்துக்கொள்ளுங்கள். குமார் நாளுக்கு 3, செல்வம் 2. சேர்ந்தால் 5, ஏழே கால் நாளுக்குக் கொஞ்சம் குறைவு, சரியாகச் சொன்னால் 7⅕. பன்னிரண்டில் ஒன்று, பதினெட்டில் ஒன்று என்று பின்னம் பின்னமாகக் கூட்டுவதும் இதையேதான் செய்கிறது. ஆனால் 54 விநாடியில் பின்னம் பகை.

இடையில் ஒருவர் விலகும் கேள்விகளில் வார்த்தையைக் கவனியுங்கள். 'குமார் 4 நாளுக்குப் பிறகு விலகினார்' என்றால் முன்னாலிருந்து எண்ணுகிறோம்: 20 செங்கல் முடிந்தது, மிச்சம் 16, செல்வம் தனியாக 8 நாள், மொத்தம் 12. 'வேலை முடிவதற்கு 3 நாள் முன்பு குமார் விலகினார்' என்றால் பின்னாலிருந்து எண்ண வேண்டும். கடைசி 3 நாள் செல்வம் மட்டும், 6 செங்கல். அதற்கு முன் இருந்த 30ஐ இருவரும் சேர்ந்து 6 நாளில் அடுக்கியிருப்பார்கள். மொத்தம் 9 நாள். ரயிலிலும் இதே ஜாதிக் கேள்வி இருக்கிறது. இரண்டு ஊருக்கு நடுவே 510 கிலோமீட்டர். ஒரு ரயில் காலை 6 மணிக்கு 60 வேகத்தில் கிளம்புகிறது, எதிர் ஊரிலிருந்து இன்னொன்று 8 மணிக்கு 70 வேகத்தில். எப்போது சந்திக்கும்? முதல் ரயில் தனியாக ஓடிய இரண்டு மணி நேரத்தை முதலில் கழித்துவிடுங்கள், 120 போய் 390 மிச்சம். அதன் பிறகு இரண்டும் சேர்ந்து மணிக்கு 130. மூன்று மணி நேரம், 11 மணிக்குச் சந்திப்பு. 510ஐ எடுத்த எடுப்பில் 130ஆல் வகுக்கிறவர்கள், குமார் விலகிய பிறகும் அவருக்குச் சம்பளம் போடுகிறவர்கள் மாதிரி. இரண்டு கணக்கிலும் விதி ஒன்றே: தனியாக ஓடிய பகுதியை முதலில் வெட்டி எடுத்துவிட்டு, எல்லோரும் சேர்ந்து இருக்கிற பகுதிக்கு மட்டும் வேகங்களைக் கூட்ட வேண்டும்.

ரயில் ஒப்பீடு உதவாத இடம் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். குமாரும் செல்வமும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாறி மாறி வேலை செய்தால்? சேர்ந்து செய்ய 7⅕ நாள், மாறி மாறி என்றால் அதன் இரட்டிப்பு 14⅖ நாள் என்று போடத் தோன்றும். விடைப் பட்டியலில் 14⅖ நிச்சயமாக இருக்கும், அதுவே பொறி. செங்கலை எண்ணிப் பாருங்கள். இரண்டு நாளுக்கு 5 செங்கல், 14 நாளில் 35. மிச்சம் ஒன்று. பதினைந்தாம் நாள் யார் முறை என்பதில்தான் விடை இருக்கிறது. குமார் தொடங்கியிருந்தால் அன்று அவர் முறை, நாளுக்கு 3 அடுக்குகிறவருக்கு ஒரு செங்கல் மூன்றில் ஒரு நாள், ஆக 14⅓. செல்வம் தொடங்கியிருந்தால் அரை நாள், 14½. யார் தொடங்கினார் என்பதை ஒரே வார்த்தையில் கேள்வி சொல்லிவிட்டுப் போயிருக்கும். அதைத் தேடி எடுப்பதுதான் வேலை.

ஆட்கள் கணக்கு, அதாவது '15 பேர் 20 நாளில் முடிக்கும் வேலையில் 8 நாளுக்குப் பிறகு 5 பேர் நின்றுவிட்டால்' என்பது, இவற்றில் ஆக எளிது. எல்லோரும் ஒரே வேகம் என்று எடுத்துக்கொள்வதால் ஓர் ஆள் ஒரு நாளில் செய்வது ஒரு செங்கல். மொத்தம் 300, எட்டு நாளில் 120 போயிற்று, 180 மிச்சம், பத்துப் பேர், 18 நாள். இங்கே தவறு கணக்கில் வராது, கடைசி வரியில் வரும். 'இன்னும் எத்தனை நாள்' என்றால் 18, 'மொத்தம் எத்தனை நாள்' என்றால் 26. இரண்டும் பட்டியலில் இருக்கும்.

இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகம் இருப்பது கேள்வியின் மொழியில். 'குமார், செல்வத்தைப் போல இரு மடங்கு திறமையானவர்' என்றால் 2க்கு 1, தெளிவு. 'செல்வத்தைவிட ஒரு மடங்கு கூடுதல் திறமை' என்று எழுதினாலும் அதே 2க்கு 1தான். ஆனால் 'செல்வத்தைவிட இரு மடங்கு கூடுதல்' என்று வந்தால் சிலர் 2 என்று எடுப்பார்கள், சிலர் 3 என்று எடுப்பார்கள். சொல்லை அப்படியே எடுத்தால் 3, புழக்கத்தில் பெரும்பாலும் 2. எது சரி என்று உங்களோடு நான் வாதாடி ஜெயிக்கலாம், விடைக்குறிப்போடு வாதாட முடியாது. இந்த மாதிரி இடத்தில் நான் செய்யச் சொல்வது, 2 வைத்துப் போட்டுப் பாருங்கள், பட்டியலில் இருந்தால் குறியுங்கள், இல்லாவிட்டால் 3. இரண்டும் பட்டியலில் இருந்தால் கேள்வியின் ஆங்கில வடிவத்துக்கு ஒரு முறை மாறிப் பாருங்கள், மொழிபெயர்ப்பில் நழுவியது அங்கே பிடிபடக்கூடும். என்.டி.பி.சி.யில் தவறான விடைக்கு மூன்றில் ஒரு மதிப்பெண் போகும் என்பதால், அப்போதும் தெளியவில்லை என்றால் நானாக இருந்தால் விட்டுவிடுவேன். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4இல் அந்தக் கழிவு கிடையாது, அங்கே 2 வைத்துக் குறித்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பேன்.